சதுர மீட்டரைச் சதுர அடியாக்கினால் கணக்கு உதைக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மார்த்தாண்டம் பக்கம் வீட்டு பிளான் வரைந்து எஸ்டிமேட் போடுவது என் வேலை. போன மாதம் ராத்திரி பத்தரை மணிக்கு வளைகுடாவிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். கருங்கல் பக்கத்தில் அவன் பெயருக்கு அஞ்சு சென்ட் மனை வாங்கிப் பத்திரம் முடிந்திருந்தது. பட்டாவை போனில் இறக்கிப் பார்த்தவனுக்கு வேர்த்துவிட்டது.

"மாமா, அஞ்சு சென்ட்டுன்னு சொல்லி ஒன்றரை சென்ட்டுதான் குடுத்திருக்கான். நான் கணக்கு போட்டுப் பாத்துட்டேன்."

"என்ன கணக்கு போட்ட மக்களே, சொல்லு."

பட்டாவில் பரப்பு 0 ஹெக்டேர் 2.02 ஏர் என்று இருந்தது. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஆகவே 202 சதுர மீட்டர். இதுவரை சரி. அடுத்து, ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து 202-ஐ 3.28-ஆல் பெருக்கியிருக்கிறான். வந்தது 662.56. ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி, வகுத்தால் 1.52 சென்ட். மூன்றரை சென்ட்டை யாரோ விழுங்கிவிட்டார்கள் என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகத் தயாராகிவிட்டான்.

நிலம் எங்கேயும் போகவில்லை. 3.28-ஐ இன்னொரு தடவை பெருக்க வேண்டும், அவ்வளவுதான். அது ஏன் என்பதை முதல் அறிகுறியில் விரிவாகச் சொல்கிறேன். மற்ற அறிகுறிகள் பெரும்பாலும் இதே தவறுதான், வேறு வேடத்தில் வரும்.

முதலில் ஒரு விகிதம் பாருங்கள்

உங்களுக்கு வந்த விடை தப்பு என்று சந்தேகமாக இருந்தால், சரியாக வர வேண்டிய எண்ணை உங்கள் எண்ணால் வகுத்துப் பாருங்கள். சரியான எண் தெரியாவிட்டால் பத்திரத்தில் உள்ள சென்ட்டை 435.6-ஆல் பெருக்கினால் போதும். வருகிற விகிதமே எங்கே தவறு என்று காட்டிக்கொடுத்துவிடும். 3.28 பக்கம் வந்தால் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். 10.76 வந்தால் எதையுமே மாற்றாமல் மீட்டர் என்ற இடத்தில் அடி என்று எழுதியிருக்கிறீர்கள். 116-ஐ ஒட்டி வந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டீர்கள். 1.01, 1.03 மாதிரி ஒன்றை ஒட்டி வந்தால் வழி சரி, தசமத்திலோ பொருளின் அளவிலோதான் பிசகு.

என் மருமகன் கணக்கில் 2178-ஐ 662.56-ஆல் வகுத்தால் 3.29. போனை வைப்பதற்கு முன்பே காரணம் தெரிந்துவிட்டது.

அறிகுறி: விடை மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாக வருகிறது

வீட்டு முற்றத்தில் சாக்பீஸால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் ஒன்று போடுங்கள். டேப்பில் ஒரு ஓரம் சென்டிமீட்டர், மறு ஓரம் இஞ்ச் இருக்கும், அதனால் இரண்டு அளவையும் ஒரே டேப்பில் எடுக்கலாம். இனி ஒரு பக்கத்தில் மட்டும் அடிக்கு அடி குறி வைத்து, அந்தக் குறிகளிலிருந்து எதிர்ப் பக்கம் வரை கோடு இழுங்கள். மூன்று முழுப் பட்டைகளும், ஓரத்தில் 0.28 அடி அகலத்தில் ஒரு ஒல்லிப் பட்டையும் கிடைக்கும். மொத்தம் 3.28 பட்டை.

இப்போது அதில் ஒரு பட்டையைப் பாருங்கள். அதன் அகலம் ஒரு அடி, நீளமோ இன்னும் ஒரு மீட்டர். அது சதுர அடி ஆகாது. ஒரு மீட்டர் நீளப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்களேன். 202-ஐ 3.28-ஆல் பெருக்கி வந்த 662.56 என்பது அந்த மனையை மூட இப்படி எத்தனை பலகை வேண்டும் என்ற கணக்கு. எண்ணிக்கை சரிதான், ஆனால் எண்ணியது பலகையை. அதைச் சதுர அடி என்று படித்ததில்தான் கோளாறு.

ஒவ்வொரு பலகையையும் அடிக்கு ஒரு துண்டாக வெட்டினால் ஒரு பலகைக்கு 3.28 துண்டு விழும். ஆக ஒரு சதுர மீட்டரில் 3.28 பலகை, பலகைக்கு 3.28 துண்டு. துல்லியமாக 3.28084 வைத்துப் பெருக்கினால் 10.7639 சதுர அடி.

சாக்பீஸ் சதுரத்தில் இதைக் கண்ணாலேயே எண்ணலாம். இரண்டாவது திசையிலும் கோடு இழுத்தால், நடுவில் மூன்றுக்கு மூன்று, ஒன்பது முழுச் சதுர அடிக் கட்டங்கள் இருக்கும். இரண்டு ஓரங்களிலும் மூன்றடி நீளத்தில் 0.28 அடி அகலத்தில் ஒவ்வொரு பட்டை. அவை இரண்டும் சேர்ந்து 1.685 சதுர அடி. மூலையில் மிச்சமிருக்கிற குட்டிச் சதுரம் 0.079 சதுர அடி. ஒன்பதோடு இவற்றைக் கூட்டினால் 10.764. மருமகனுக்கு இதை வீடியோ காலில் வரைந்து காட்டினேன். அக்காவின் பூனை குறுக்கே நடந்து பாதி கோட்டை அழித்தது வேறு கதை.

ஆகவே அவன் மனைக்கு 202-ஐ 10.7639-ஆல் பெருக்கினால் 2174.3 சதுர அடி. 435.6-ஆல் வகுத்தால் 4.99 சென்ட்.

இதே தவறு வேறு உருவத்திலும் வரும். பக்கங்களை அளந்து பெருக்குகிறவர்கள் ஒரு பக்கத்தை அடியிலும் மறு பக்கத்தை மீட்டரிலும் வைத்துப் பெருக்கிவிடுவார்கள். அந்த மனை 20.2 மீட்டருக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீளத்தை மட்டும் 66.27 அடி ஆக்கிவிட்டு அகலத்தைப் பத்தாகவே விட்டால் 662.7 வரும். மருமகனுடைய அதே எண். 202-ஐ 3.28-ஆல் ஒரு தடவை பெருக்குவதும், ஒரு பக்கத்தை மட்டும் அடியாக்குவதும் ஒன்றேதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அகலத்தையும் 32.81 அடி ஆக்கிப் பெருக்கினால் 2174.3 வந்துவிடும்.

பழைய ஆட்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்கள் மனையைச் சென்ட்டில் நினைப்பார்கள், வீட்டைச் சதுர அடியில் நினைப்பார்கள், மீட்டர் பக்கமே போக மாட்டார்கள். நம்ம குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த 1956-ஆம் ஆண்டில்தான் நாட்டில் மெட்ரிக் அளவைக்கான சட்டமும் வந்தது. இன்றைக்கும் பட்டா ஒரு பாஷை பேசுகிறது, புரோக்கர் வேறு பாஷை பேசுகிறார். நடுவில் நிற்கிறவன்தான் பெருக்க வேண்டியிருக்கிறது.

அறிகுறி: எக்செல் ஷீட்டில் ஒன்று போட்டால் சரி, இருநூறு போட்டால் லட்சக்கணக்கில் வருகிறது

இது அடைப்புக்குறி செய்கிற வேலை. இருமடியாக்க வேண்டும் என்று கேள்விப்பட்ட பிறகு வருகிற பிழை, அதனால் ஆளைச் சுலபமாக ஏமாற்றும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் போட்டிருந்த சூத்திரம் இது:

```
=(B2*3.28084)^2
```

B2-வில் இருப்பது ஏற்கெனவே பரப்பு. அதையும் உள்ளே சேர்த்து இருமடியாக்கினால் பரப்பும் ஒரு தடவை தன்னோடு பெருகிவிடும். 202-க்கு இது நாலு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம் சொச்சம் காட்டும், அதாவது பத்து ஏக்கர். சூத்திரம் சரியா என்று பார்க்க அவன் 1 போட்டுப் பார்த்திருக்கிறான், 10.76 என்று அச்சடித்த மாதிரி வந்திருக்கிறது. ஒன்றை எத்தனை தடவை தன்னோடு பெருக்கினாலும் ஒன்றுதானே. அதனால் ஒன்றை வைத்துச் சோதிக்காதீர்கள், இரண்டை வைத்துச் சோதியுங்கள். 21.53 வர வேண்டும். 43.06 வந்தால் அடைப்புக்குறி தப்பான இடத்தில் இருக்கிறது.

இருமடியாக வேண்டியது மாற்றும் எண் மட்டுமே:

```
=B2*3.28084^2
=CONVERT(B2,"m2","ft2")
```

இரண்டில் எதுவும் போதும். இரண்டாவதில் 2 என்ற எண்ணை விட்டுவிட்டு `"m","ft"` என்று கொடுத்தால் எக்செல் முணுமுணுக்காமல் 662.7 என்று காட்டும். பெட்டியில் இருப்பது நீளமா பரப்பா என்று அதற்குத் தெரியாது. அந்த `CONVERT`-ஐயே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தடவை போட்டால் மறுபடி சரியாகிவிடும். முற்றத்தில் இரண்டு திசையில் கோடு இழுத்தோமே, அதேதான்.

அறிகுறி: கிட்டத்தட்ட சரி, ஆனால் நூறு சதுர அடி இடிக்கிறது

மனக்கணக்குக்காக 3.28-ஐ 3.2 என்றோ 3.3 என்றோ ஆக்கிக்கொள்வது நம்மிடையே வழக்கம். நீளத்துக்கு அது பெரிய பாதகமில்லை. பரப்பில் அந்தப் பிசகு இரண்டு தடவை உட்காரும், அதனால் சதவீதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 3.2 வைத்தால் நீளத்தில் இரண்டரை சதவீதம் குறையும், பரப்பில் அஞ்சு சதவீதத்தை ஒட்டிக் குறையும். 202 சதுர மீட்டருக்கு 2068 சதுர அடி வரும், 106 சதுர அடி குறைவு. கால் சென்ட் போச்சு. கருங்கலில் கால் சென்ட் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். 3.3 வைத்தால் 25 சதுர அடி கூடும். 3.28 என்று இரண்டு தசமம் வைத்தால் ஒரே ஒரு சதுர அடிதான் வித்தியாசம், வீட்டுக் கணக்குக்கு அது தாராளமாகப் போதும்.

3.28-ஐ இரண்டு தடவை பெருக்கச் சோம்பலாக இருந்தால் 10.76 என்பதை நேரடியாக வைத்துக்கொள்ளுங்கள். இதன் மூலம் எங்கே என்று கேட்டால், ஒரு அடி என்பது மிகச் சரியாக 0.3048 மீட்டர் என்று 1959-இல் நாடுகள் கூடி முடிவு செய்தார்கள். அதைத் தலைகீழாக்கினால் 3.28084, இருமடியாக்கினால் 10.7639.

கொத்தனார் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிற 10.6 என்பதும் இங்கே கவனிக்க வேண்டியது. அது பத்தடி ஆறு இஞ்ச், கால்குலேட்டரில் 10.5 என்று போட வேண்டும்.

அறிகுறி: சதுர அடி சரி, டைல்ஸ் மட்டும் குறைகிறது

எனக்கே நடந்தது இது. இருபதுக்குப் பதினைந்து ஹால், 300 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு டைல், ஒன்று நாலு சதுர அடி, ஆக 75 டைல். பெட்டிக்கு நாலு வீதம் 19 பெட்டி, 76 டைல் எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் வெட்டிப் போகிற துண்டுகளை ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம் என்ற தைரியம். ஆனால் கடைசி மூலையில் பத்தாமல் போய்விட்டது.

கடையில் இரண்டுக்கு இரண்டு என்று சொல்கிற டைலின் உண்மையான பக்கம் 600 மில்லிமீட்டர். இரண்டு அடி என்றால் 609.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்றரை சதவீதம்தான் குறைகிறது, கையில் பிடித்துப் பார்த்தால் தெரியாது. ஆனால் டைல் தரையை மூடுவது பரப்பால். இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை குறைந்து பரப்பில் மூன்று சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. 0.6-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 0.36 சதுர மீட்டர், அது 3.875 சதுர அடி. நாலு அல்ல. பெட்டிக்கு 1.44 சதுர மீட்டர் என்று அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள், அது 15.5 சதுர அடி. நான் 16 என்று வைத்துவிட்டேன்.

300-ஐ 3.875-ஆல் வகுத்தால் 77.4. வெட்டுச் சேதாரம் எதுவும் இல்லாமலேயே 78 டைல் வேண்டும். 76 எப்படி எட்டும்? மறுபடி கடைக்குப் போனால் அதே மாடல் கிடைத்தது, ஆனால் பெட்டி மேல் உள்ள பேட்ச் எண் வேறு. நிறம் ஒரு பொட்டு மாறியிருந்தது. இப்போதும் அந்த மூலையில் சோபாவைப் போட்டு மறைத்து வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு டைலுக்கு நான் அடிப் பக்கமே போவதில்லை. ஹாலை மீட்டரில் அளந்து, பரப்பை 1.44-ஆல் வகுத்து, சேதாரத்துக்கு மேல்கொண்டு சேர்த்துப் பெட்டிக் கணக்கு சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: காம்பவுண்ட் சுவர் எஸ்டிமேட் தலை சுற்றுகிறது

இது நேர் எதிர்ப் பிழை. 10.76 என்ற எண் பழகிப்போனவர்கள் அதை நீளத்துக்கும் போட்டுவிடுவார்கள். மேலே சொன்ன மனையைச் சுற்றி நாலு பக்கமும் கூட்டினால் 60.4 மீட்டர். 3.28-ஆல் பெருக்கினால் 198 அடி சுவர். 10.76-ஆல் பெருக்கினால் 650 அடி, அந்தச் செலவில் பக்கத்து மனைகளையும் சேர்த்து வளைத்துவிடலாம். ரன்னிங் அடியில் கூலி பேசுகிற எதுவானாலும், சுவர், ஸ்கர்ட்டிங், பைப் லைன், ஒரு 3.28 போதும்.

கான்கிரீட்டுக்கு மூன்றாவது திசையும் சேர்வதால் 3.28 மூன்று தடவை வரும். ஒரு கன மீட்டர் 35.31 கன அடி. ஜல்லி, மணல் யூனிட் என்பது 100 கன அடி, ஆக ஒரு யூனிட் 2.83 கன மீட்டர்.

அறிகுறி: சதுர அடிக்கு விலை சரி, சதுர மீட்டருக்கு விலை மிகக் குறைவாக வருகிறது

பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு ஒன்று, சதுர மீட்டருக்கு ஒன்று என்று இரண்டாகக் கொடுக்கப்பட்டிருக்கும். உதாரணத்துக்குச் சதுர அடிக்கு 500 ரூபாய் என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 1640 அல்ல, 5382. ஒரு சதுர மீட்டருக்குள் பத்தே முக்கால் சதுர அடி அடங்கியிருக்கிறது, விலையும் அத்தனை மடங்கு இருக்க வேண்டும்.

இதில் சந்தேகம் வந்தால் மொத்தத் தொகையைப் பாருங்கள். 2174.3 சதுர அடியை 500-ஆல் பெருக்கினாலும், 202 சதுர மீட்டரை 5382-ஆல் பெருக்கினாலும் 10,87,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மனை அதே மனை, அளவுகோல் மாறியதால் பணம் மாறக் கூடாது. 1640 வைத்துப் பெருக்கிப் பாருங்கள், 3,31,280 வரும். இரண்டு மொத்தத்தையும் வகுத்தால் 3.28 எட்டிப் பார்க்கும்.

அறிகுறி: எல்லாம் சரி செய்த பிறகும் நாலு சதுர அடி குறைகிறது

மருமகன் விடவில்லை. மறுநாள் காலையில் மறுபடி கூப்பிட்டான்.

"மாமா, அஞ்சு சென்ட்டுன்னா 2178 வரணும்லா? நமக்கு 2174தான் வருது. நாலு சதுர அடி எங்க?"

அஞ்சு சென்ட்டைச் சதுர மீட்டராக்கினால் 202.34. பட்டாவில் ஏருக்கு இரண்டு தசமம் எழுதியிருப்பதால் அதில் 2.02 என்றுதான் எழுத முடியும். மிச்சம் 0.34 சதுர மீட்டர் எழுத்தில் உதிர்ந்துவிட்டது. அதை 10.76-ஆல் பெருக்கினால் 3.7 சதுர அடி, அவன் தேடுகிற நாலு அதுதான். இந்த மாதிரி எழுதினால் முழு எண்ணாக்கும்போது அரைச் சதுர மீட்டர் வரை கூடலாம், குறையலாம். அடிக் கணக்கில் அது ஐந்தரைச் சதுர அடி. அதற்குள் இருந்தால் பேசாமல் இருக்கலாம். அதைத் தாண்டி இருபது, முப்பது என்று இடித்தால் அது பெருக்கலில் தீராது, சர்வேயரை வரச்சொல்லி எல்லைக் கல்லைப் பார்க்க வேண்டியதுதான்.

"அப்ப அந்த ஆள்ட்ட சண்டைக்குப் போகண்டாமா?" என்று கேட்டான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரிதான் தெரிந்தது.